என்ற தலையில கட்டிட்டாங்க

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தாள். கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனி, அதில் பர்ச்சேஸ் பிரிவில் மூன்றரை வருடமாக வேலை. மேனேஜர் பெங்களூருக்காரர். தமிழ் புரியும், பேசினால் தடுமாறுவார். அவருக்கு மேலே இருப்பவர்கள் புனேயில் இருக்கிறார்கள். அதனால் சம்பளம் கேட்பது என்றால் இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும், அதுவும் மெயிலில்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் 22 வருடம் வெளிநாட்டு பையர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள் நான். சரக்கு தாமதமானால் தாமதம் என்று சொல்லாமல் சொல்வது, வராத பணத்தை முகம் கோணாமல் கேட்பது, இதுதான் என் தொழிலாக இருந்தது. வேலையை விட்ட பிறகு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட கடிதங்களை எழுதிக் கொடுக்கிறேன். அதிலும் சம்பளக் கடிதம் வந்தால் வேறு எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிடுவேன். எழுதுகிறவரின் மாதம் முழுவதும் அதில் இருக்கிறது.

யார் வந்தாலும் முதலில் தமிழில், கையால், மனதில் வருவதை வருகிற வரிசையில் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். நேராக இங்கிலீஷில் ஆரம்பிப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷை எழுதுகிறார்கள். சொல்ல வேண்டியது வெளியே நின்றுவிடுகிறது. இவள் எழுதியிருந்தது ஒரே பக்கம்தான்.

"ஜூன்ல ஸ்டோர்ஸ் அண்ணன் நின்னுட்டாரு. அவரு வேலையெல்லாம் என்ற தலையில கட்டிட்டாங்க. வீட்டுக்கு வர ஏழரை ஆகுது. செப்டம்பர்ல இருந்து பில் டேலி பண்றதும் நான்தான். வீட்டு வாடகை ஆயிரம் ஏத்திட்டாங்க. அம்மாவுக்கு சுகர், பிரஷர். நேத்து வந்த பையனுக்கு 24. எனக்கு கைக்கு 18,900. கைக்கு 24-ஆவது வேணும். சார் நல்லவரு, தப்பா நினைச்சுக்கக் கூடாது. பார்த்துச் செய்யச் சொல்லணும்."

அதன் அடுத்த பக்கத்தில் அவளாகவே இங்கிலீஷில் எழுதிப் பார்த்த ஒரு வாக்கியம் இருந்தது. "அஸ் மை ஹவுஸ் ரென்ட் இஸ் இன்க்ரீஸ்டு, ஐ ஹம்ப்ளி ரெக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி..." அதோடு நின்றிருந்தது. எனக்கு அந்த வாக்கியத்தின் பிறந்த வீடு உடனே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த ஒரே இங்கிலீஷ் கடிதம் லீவ் லெட்டர். "அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தொடங்குமே, அது. முதலில் ஒரு கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், அந்தக் கஷ்டத்தின் பேரில் பணிவாக ஒன்றைக் கேட்க வேண்டும், அவர் மனமிரங்கிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் விடுமுறைக்கு அந்த அச்சு சரி. சம்பளக் கடிதத்தையும் அதே அச்சில் வார்த்தால் காய்ச்சல் இருந்த இடத்தில் வாடகை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வாடகையைச் சொல்வதில் தப்பில்லை என்று அவள் வாதாடினாள். "சார் கேட்டா இரக்கப்படுவாருங்க்கா." படுவார்தான். தமிழில் ஒருவரிடம் கேட்கும்போது தேவையைச் சொல்லாமல் கேட்டால்தான் திமிராகப் படும். குறையைச் சொல்லிக் கேட்பது நம் மரியாதை. ஆனால் அந்த மேனேஜர் கையில் பணம் இல்லை. அவர் இந்தக் கடிதத்தை எச்.ஆருக்கு அனுப்ப வேண்டும், எச்.ஆர். புனேயில் கணக்குப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே இருப்பவர் இவளைப் பார்த்ததே இல்லை. இவளுடைய வீட்டுக்காரர் ஆயிரம் ரூபாய் ஏற்றினார் என்பதை வைத்து அவர் எந்தக் கட்டத்தை நிரப்புவார்? வாடகை எல்லோருக்கும்தான் ஏறுகிறது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அதோடு, மேனேஜர் இதை மேலே அனுப்பும்போது இவள் வீட்டு விஷயத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும். அது அவருக்கே கூச்சமாக இருந்தால், கடிதத்தை அனுப்பாமல் தானே திருத்தி எழுத உட்காருவார். உட்கார நேரம் கிடைக்காது.

அதனால் நான் இந்த வகைக் கடிதத்தை எழுதும்போது ஒரே ஒரு காட்சியைத்தான் மனதில் வைத்துக்கொள்வேன். மேனேஜர் இதைப் படித்துவிட்டு, ஒரு சொல்லையும் மாற்றாமல், மேலே ஒரே ஒரு வரி சேர்த்து ஃபார்வர்டு பொத்தானை அழுத்துகிறார். அப்படி அழுத்த முடியுமா, முடியாதா? நயம் என்று நான் நினைப்பது அதைத்தான். அவருக்கு இனிக்க இனிக்க எழுதுவது அல்ல, அவர் தன் பெயரில் சுமந்து போகக் கூச்சப்படாதபடி எழுதுவது.

அந்தக் கண்ணால் பக்கத்தைப் பார்த்தால் சில வாக்கியங்கள் தாமாக உதிர்ந்துவிடும். வாடகை போனது, அம்மாவின் சுகரும் பிரஷரும் போயின. "நேத்து வந்த பையனுக்கு 24" என்பதும் போனது, ஆனால் அது லேசில் போகவில்லை. அவளுக்கு எரிகிற இடம் அதுதான். அந்தப் பையன் டீ குடிக்கும்போது தானாகச் சொன்னது. அதைக் கடிதத்தில் எழுதினால் முதல் கேள்வி "உனக்கு யார் சொன்னது" என்று வரும், சொன்னவன் மாட்டுவான், பேச்சு இவள் சம்பளத்தை விட்டு அவன் வாய்க்குப் போய்விடும். "அதை எழுத வேண்டாம் கண்ணு, ஆனா மறக்க வேண்டாம்" என்றேன். அந்த 24,000 கடிதத்தில் வராது, ஆனால் எவ்வளவு கேட்கலாம் என்பதை முடிவு செய்ய அது உதவும். அந்தக் கம்பெனி அந்த நாற்காலிக்கு எவ்வளவு தரத் தயாராக இருக்கிறது என்பது அதில் தெரிகிறதே.

இப்போது இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். ஒரு மணி நேரம் நாங்கள் உட்கார்ந்தது இதில்தான்.

"என்ற தலையில கட்டிட்டாங்க." கட்டியது யார் என்று அதில் இல்லை. அவள் ஒப்புக்கொண்டாளா என்றும் இல்லை. ஆனால் இரண்டும் கேட்கிறது. 'தலையில கட்டுறது' என்றால் வேண்டாத சுமையை வேறொருவர் மேல் சாய்ப்பது. அதில் 'விடு' என்ற துணைவினை சேர்ந்து 'கட்டிட்டாங்க' என்று ஆகும்போது, முடிந்துபோனது, திருப்ப முடியாது என்பதும் வருகிறது. இந்த மூன்று சொற்களில் ஒரு முழு வழக்கு இருக்கிறது. இங்கிலீஷில் இதை அப்படியே கொண்டுபோனால் 'டம்ப்டு' என்ற சொல் வரும். அந்தச் சொல் யாரோ ஒருவர் மேல் விரலை நீட்டும். நீட்டப்படுகிறவர் கடிதத்தைப் படிக்கிற அதே மேனேஜர். ஜூன் மாதம் அந்த வேலையை இவளிடம் கொடுத்தது அவர்தான்.

நான் முதலில் எழுதியது "ஐ டுக் ஓவர் தி ஸ்டோர்ஸ் ஒர்க்". நன்றாக நிமிர்ந்து நிற்கிற வாக்கியம். இங்கிலீஷ் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும் எவரும் இதைத்தான் சொல்வார்கள், நீ செய்ததை நீ செய்தாய் என்று எழுது என்று. வாசித்துக் காட்டிப் பொருள் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "நான் எடுத்துக்கலைங்க்கா. கொடுத்தாங்க. எடுத்துக்கிட்டேன்னு எழுதினா, நானே ஆசைப்பட்டுப் போன மாதிரி ஆயிடுமில்ல?"

அவள் சொன்னது நியாயம். 'டுக் ஓவர்' என்றால் தானாக முன்வந்து பொறுப்பேற்றது போலத்தான் இருக்கும். தானாக முன்வந்தவருக்கு எதற்குச் சம்பளம் கூட்ட வேண்டும், ஆசைப்பட்டுத்தானே செய்தார் என்று ஒருவர் கேட்கலாம். அதைவிட, அவள் பெயரில் போகிற கடிதத்தில் நடக்காத ஒன்று இருக்கக் கூடாது. கடிதம் போன பிறகு அவளை உட்காரவைத்துக் கேட்பார்கள். அப்போது அவள் வாயில் வருவது கடிதத்தில் இருப்பதாக இருக்க வேண்டும்.

அடுத்து "வாஸ் அசைன்டு டு மீ" என்று பார்த்தோம். எனக்கு ஒதுக்கப்பட்டது. உண்மைதான், விரலும் நீளவில்லை. ஆனால் அதில் அவள் எங்கே இருக்கிறாள்? ஜூன் மாதம் ஒரு மூட்டையை அவள் மேசையில் வைத்தார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு ஏழு மாதம் தினமும் கேட் என்ட்ரியைப் பார்த்து, இறங்கிய வார்ப்புகளை எடை போட்டு, ஜி.ஆர்.என். போட்டு, மாதக் கடைசியில் ஸ்டாக் எடுத்தவள் அந்த வாக்கியத்தில் காணோம்.

கடைசியில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தோம். ஸ்டோர்ஸ் பணியிடம் ஜூனில் காலியானதிலிருந்து, பர்ச்சேஸ் வேலையோடு ஸ்டோர்ஸ் வேலையையும் நான் கவனித்து வருகிறேன் என்பது அதன் பொருள். இங்கிலீஷில் அதன் முதுகெலும்பு "சின்ஸ் தி ஸ்டோர்ஸ் பொசிஷன் ஃபெல் வேக்கன்ட் இன் ஜூன், ஐ ஹேவ் பீன் ஹேண்ட்லிங்" என்பதுதான். 'ஃபெல் வேக்கன்ட்' என்பதில் யார் மீதும் குற்றம் இல்லை, இடம் காலியானது. ஆனால் காலியான இடத்தை யாரும் நிரப்பவில்லை என்பது சொல்லாமலே தெரிகிறது. 'ஹேவ் பீன் ஹேண்ட்லிங்' என்பதில் அன்று தொடங்கி இன்று வரை நடந்துகொண்டே இருக்கிறது என்ற காலம் இருக்கிறது. தமிழில் 'பார்த்துக்கிட்டு வர்றேன்' என்று சொல்வோமே, அதற்கு நெருக்கமான இங்கிலீஷ் அதுதான். எடுத்துக்கொண்டாளா, கொடுத்தார்களா என்ற கேள்விக்கு வாக்கியத்தில் இடம் விட்டுவைத்தோம். அவள் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, "இது பொய் இல்லைங்க்கா" என்றாள். எனக்கு அதுதான் வேண்டும்.

"வீட்டுக்கு வர ஏழரை ஆகுது" என்பதை நான் விடவில்லை, வேறு உருவில் மாற்றினேன். நேரமாகிறது என்றால், உனக்கு வேகம் போதவில்லை என்றும் ஒருவர் படிக்கலாம். அந்த நேரத்தில் என்ன விளைந்தது என்று கேட்டேன். அவள் முதலில் "என்னங்க்கா, வேலைதான்" என்றாள். கிளறக் கிளற வந்தது. முன்பு மாதக் கணக்கில் ஸ்டாக் முடிக்க ஒன்பது நாள் ஆகும், இப்போது நான்கு நாளில் முடிகிறது. செப்டம்பரிலிருந்து பில்லையும் ஜி.ஆர்.என்னையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், எடை குறைவாக வந்த வார்ப்புகளுக்கு மூன்று டெபிட் நோட் போட்டிருக்கிறாள், மொத்தம் 1,12,000 ரூபாய். இதை ஏன் நோட்டில் எழுதவில்லை என்று கேட்டதற்கு, அது தன் வேலைதானே என்றாள்.

இந்த இரண்டு எண்களும் கடிதத்துக்குள் போயின. மூன்றாவதாக அவள் ஒன்று சொன்னாள், சப்ளையர்கள் இப்போது நேரத்துக்குச் சரக்கு அனுப்புகிறார்கள் என்று. அதை விட்டேன். உண்மையாக இருக்கலாம், ஆனால் மேனேஜர் கம்ப்யூட்டரைத் திறந்து ஐந்து நிமிடத்தில் சரிபார்க்க முடியாது. டெபிட் நோட்டுக்கு நம்பர் இருக்கிறது, ஸ்டாக் மூடிய தேதி சிஸ்டத்தில் இருக்கிறது. சரிபார்க்க முடியாத ஒன்றைப் பக்கத்தில் வைத்தால், சரிபார்க்க முடிந்த இரண்டும் அதோடு சேர்ந்து மங்கும்.

அடுத்தது தொகை. "கைக்கு 24-ஆவது வேணும்" என்பதில் இரண்டு கண்ணி இருக்கிறது. 'ஆவது' என்ற ஒட்டு, குறைந்தபட்சம் இவ்வளவு, அதற்கும் மேல் தந்தால் சந்தோஷம் என்கிறது. அதை 'அட் லீஸ்ட்' என்று இங்கிலீஷில் போட்டால் மிரட்டல் போல் நிற்கும். மேலும் கேட்கிறவரே தன் அடித்தளத்தைக் காட்டிக் கொடுத்தது போலவும் ஆகும். ஒரே தொகையைச் சொல்லிவிட்டு, பேச்சுக்குத் தயார் என்பதை வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

இன்னொரு கண்ணி 'கைக்கு' என்பது. வீட்டில் நாம் சம்பளம் என்று சொல்வது கைக்கு வருவதை. கம்பெனியில் கிராஸ் என்பார்கள், அல்லது வருடக் கணக்கில் சி.டி.சி. என்பார்கள். அவளுடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கிராஸ் 20,800. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000, அதில் 12 சதவீதம் பி.எஃப். 1,680. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 156 ரூபாய். பிடித்தம் போகக் கைக்கு 18,964. கடிதத்தில் 24,000 என்று எழுதியிருந்தால் அவர்கள் அதைக் கிராஸாக எடுத்துக்கொள்வார்கள், கைக்கு இருபத்திரண்டாயிரம் சொச்சம்தான் வரும், இவளுக்கு ஏமாற்றிவிட்டது போல் இருக்கும். யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். அந்தக் கம்பெனியில் பி.எஃப்பை 15,000 உச்சவரம்பின் மேல்தான் பிடிக்கிறார்கள், அதாவது அதிகபட்சம் 1,800. கைக்கு 24,000 வர வேண்டுமென்றால் கிராஸ் 25,800. முழு எண்ணாக 26,000 என்று வைத்தோம்.

இந்தக் கணக்கைப் போடும்போதுதான் அவள் யோசிக்காத ஒன்று கண்ணில் பட்டது. இ.எஸ்.ஐக்குச் சம்பள வரம்பு 21,000. இவள் 20,800-இல் நிற்கிறாள். 200 ரூபாய் தாண்டினால் திட்டத்துக்கு வெளியே போக வேண்டியதுதான். அவளுடைய அம்மா சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குவது சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில். அதே மாத்திரைகளை வெளியே மெடிக்கலில் வாங்கினால் மாதம் 1,400 ரூபாய் ஆகும் என்று அவளே ஒருமுறை விசாரித்து வைத்திருந்தாள். ஆக, கம்பெனி பெரிய மனது பண்ணி 20,800-ஐ 22,000 ஆக்கினால், ஏறுவது 1,200, இ.எஸ்.ஐ. பிடித்தம் நின்று மிச்சமாவது 156. மாத்திரைக்கே அது போதாது. சம்பளம் ஏறிய பிறகு வீட்டுக்கு வருகிற பணம் குறையும். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப கேக்காமலே இருந்துடலாமுங்களா?" வேண்டாம் என்றேன். கேட்பதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அலுவலக ஊழியர்களுக்கு அந்தக் கம்பெனியில் குரூப் மெடிக்ளெய்ம் இருக்கிறது, இ.எஸ்.ஐயில் இருப்பவர்களை அதில் சேர்ப்பதில்லை. சம்பளம் வரம்பைத் தாண்டுவதால் இ.எஸ்.ஐயிலிருந்து வெளியேறுவேன், அப்போது குரூப் இன்ஷூரன்சில் என்னையும் என் தாயாரையும் சேர்க்க முடியுமா என்று ஒரு வாக்கியம். முதலில் நான் நீக்கிய அம்மா, இந்த வழியாகக் கடிதத்துக்குள் திரும்பி வந்தார். இந்த முறை கஷ்டமாக வரவில்லை, எச்.ஆர். தன் பட்டியலில் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியாக வந்தார்.

இன்னொரு நுணுக்கம் தேதியில் இருக்கிறது. இ.எஸ்.ஐயில் சந்தா காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. ஏப்ரல் 1 அன்றே சம்பளம் 21,000-ஐத் தாண்டியிருந்தால் அன்றிலிருந்தே வெளியே. காலம் தொடங்கிய பிறகு, மே மாதமோ ஜூன் மாதமோ தாண்டினால், செப்டம்பர் 30 வரை உள்ளேயே இருக்கலாம், சந்தாவும் பிடிப்பார்கள். வெளியே வந்தாலும், ஏற்கெனவே கட்டிய சந்தாவுக்கான பலன் காலம் தனியாக உண்டு, அதனால் மறுநாளே கதவு மூடிவிடாது. இதை நான் கடிதத்தில் எழுதவில்லை. பேசும்போது தேதியைப் பற்றி அவர்கள் கேட்டால் அவள் எதற்குச் சரி சொல்லலாம், எதற்கு யோசிக்க வேண்டும் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதே போல, கம்பெனிக்கு உண்மையில் கூடுதலாக ஆகும் செலவு 5,200 அல்ல. முதலாளி பங்காகக் கட்டும் இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 676 ரூபாய், அவர்களுக்கு நின்றுவிடும். பி.எஃப். பங்கு 120 ஏறும். ஆக, மாதம் 4,644. இதையும் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். கடிதத்தில் போட்டால் அவர்கள் வீட்டுக் கணக்கை நாம் போட்டுக் கொடுத்தது போல இருக்கும். கேட்டால் சொல்வதற்கு நோட்டில் இருந்தால் போதும்.

தலைப்பு வரியில் என்ன சொல் போடுவது என்று அவள் கேட்டாள். பேச்சில் எல்லோரும் 'ஹைக்' என்கிறார்கள். மெயிலில் அது கரடுமுரடாக இருக்கும். 'இன்கிரிமென்ட்' என்று எழுதினால் அது வருடா வருடம் வருவது, ஏப்ரலில் தானாக வரும் என்று ஒதுக்கிவிடலாம். அவள் கேட்பது அதை அல்ல. வேலையின் அளவு மாறியிருக்கிறது, அதற்கேற்பச் சம்பளத்தை மறுபடி நிர்ணயிக்கச் சொல்கிறாள். அதற்குச் சொல் 'ரிவிஷன்'. அந்த ஒரு சொல் சரியாக விழுந்தால் கடிதம் எந்த ஃபைலுக்குப் போக வேண்டும் என்று எச்.ஆருக்குத் தெரியும்.

விளி 'டியர் சார்'. பெயர் சொல்லி எழுதுவதுதான் இப்போதைய வழக்கம் என்று அவள் தோழி சொன்னாளாம். தினமும் வாயால் சார் என்று கூப்பிடுகிறவள் மெயிலில் மட்டும் பெயர் சொன்னால், அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார், கீழே இருப்பதைப் படிக்கும்போது மனம் அதில் இருக்காது.

"தப்பா நினைச்சுக்கக் கூடாது" என்பதை அவள் விடவே மாட்டேன் என்றாள். தமிழில் அந்தச் சொல் கதவைத் தட்டுவது போல. அதைச் சொல்லாமல் உள்ளே நுழைவது முரட்டுத்தனம். இங்கிலீஷில் 'ப்ளீஸ் டோன்ட் மிஸ்டேக் மீ' என்று எழுதினால், தப்பாக நினைக்க ஏதோ இருக்கிறது என்று காட்டிக் கொடுக்கும். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அது செய்கிற வேலையை முதல் வாக்கியத்திடம் கொடுத்தேன். கடந்த ஏழு மாதத்தில் ஸ்டோர்ஸ் வேலையைக் கற்றுக்கொள்ள நீங்கள் நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி என்று. அது முகஸ்துதி இல்லையா என்று நான்தான் அவளைக் கேட்டேன். "இல்லைங்க்கா, முதல் மாசம் ஜி.ஆர்.என். தப்புப் போட்டப்ப அவருதான் உக்காந்து காமிச்சாரு" என்றாள். நடந்தது என்றால் இருக்கட்டும். நடக்கவில்லை என்றால் எடுத்திருப்பேன்.

கடைசியாக "பார்த்துச் செய்யுங்க". இதைப் போல அழகான சொல் இன்னொன்று எனக்குத் தெரியாது. முடிவு உங்களுடையது, உங்கள் கண்ணில் படுவது எனக்குப் போதும், உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது, எல்லாம் அதில் உண்டு. அலுவலக இங்கிலீஷில் இதற்கென்று நாம் வைத்திருப்பது 'கைண்ட்லி டு தி நீட்ஃபுல்'. அதில் மரியாதை இருக்கிறது, ஆனால் என்ன செய்ய வேண்டும், எப்போது என்று ஒன்றும் இல்லை. படித்தவர் "சரி, பார்க்கிறேன்" என்று நினைத்துவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். தமிழில் நேருக்கு நேர் சொல்லும்போது அடுத்த நாள் காலையில் முகத்தைப் பார்க்கிறோம், அந்த முகம் நினைவூட்டும். மெயிலுக்கு முகம் இல்லை. எனவே முடிவை அவரிடமே விட்டு, தேதியை மட்டும் நாங்கள் பிடித்துக்கொண்டோம். ஏப்ரல் மாத ரிவ்யூ பட்டியல் முடிவாகும் முன் இதைப் பற்றிப் பேசப் பதினைந்து நிமிடம் கிடைக்குமா, உங்களுக்கு வசதியான நாளில். 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் வி குட் டிஸ்கஸ்' என்ற நடையில். அந்த 'டிஸ்கஸ்' என்ற சொல்லிலேயே 26,000 என்பது பேச்சின் தொடக்கம் என்பதும் அடங்கிவிட்டது.

முழுக் கடிதம் ஐந்து சிறு பத்திதான் வந்தது. நன்றி, ஜூனிலிருந்து பார்க்கும் வேலை, இரண்டு எண்கள், கேட்கும் தொகையும் இன்ஷூரன்சும், பதினைந்து நிமிடம். 'ஹம்ப்ளி' இல்லை. 'டிசர்வ்' இல்லை. முடித்த பிறகு நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். கடிதத்தை வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் திருப்பிச் சொல்லி, இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். தொகையைச் சொல்லும் இடத்தில் அவள் குரல் இறங்கியது. மறுபடி சொல்லச் சொன்னேன். நான்காம் முறை சரியாக வந்தது.

பிப்ரவரி முதல் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பினாள். திங்கள் அவருக்குப் புனே மீட்டிங், மாதக் கடைசியில் அனுப்பினால் டிஸ்பாட்ச் நெருக்கடி. இதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும், நான் நாளைக் குறிக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. கிராஸ் 24,500, மே 1 முதல். கேட்டதில் 1,500 குறைவு. அம்மாவைக் குரூப் இன்ஷூரன்சில் சேர்க்கலாம், பிரீமியத்தில் பாதி அவள் கட்ட வேண்டும். மே மாதம் என்பதால் செப்டம்பர் வரை இ.எஸ்.ஐயிலேயே இருக்கலாம், சிங்காநல்லூர் போய்வரலாம். அவள் சரி என்றுவிட்டாள். நான் 25,000-க்கு ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கலாம் என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரியில் நடந்த அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றி அவள் சொன்னது இது. மேனேஜர் கடிதத்தை பிரின்ட் எடுத்து மேசையில் வைத்திருந்தாராம். 1,12,000 எந்த சப்ளையர் என்று கேட்டாராம், டெபிட் நோட் நம்பரைச் சொன்னாளாம். பிறகு இரண்டாவது பத்தியில் விரலை வைத்து, 'ஃபெல் வேக்கன்ட்' என்ற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் தனக்கு வருகிற தமிழில் கேட்டாராம்: "ஜூன்ல இந்த வேலை உனக்கு நான்தானே கொடுத்தேன்?"

"ஆமாங்க சார்" என்றாளாம்.